ஒரு கோப்பை ஒயினும் ஓடிய எலிகளும்

ஒரு கோப்பை சிவப்பு ஒயின் அருந்துவது உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் செலவிடுவதற்குச் சமம் என்ற செய்தி, கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டி, பல நாடுகளின் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் இடம்பெற்றது. கட்டுரை வெளியாகி மூன்று ஆண்டுகள் ஓடிய பிறகும் 'புதிய ஆய்வு' என்ற அடைமொழியோடு அதே செய்தி மீண்டும் சுற்றுக்கு வந்தது. மூலக் கட்டுரையைக் கையில் எடுத்துச் செய்தியோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு முதலில் வியப்பூட்டுவது, தலைப்பில் உள்ள மூன்று சொற்களில், அதாவது கோப்பை, ஒயின், ஒரு மணி நேரம் ஆகியவற்றில், ஒன்றுகூடக் கட்டுரையின் சுருக்கவுரையில் இல்லை என்பதே. சுருக்கவுரை என்பது ஆய்வின் நோக்கம், செய்முறை, முடிவு ஆகியவற்றை ஒரே பத்தியில் அடக்கிக் கட்டுரையின் தலைப்பகுதியில் தரும் குறிப்பாகும். பெரும்பாலான ஆய்விதழ்களில் முழுக் கட்டுரைக்குக் கட்டணம் இருந்தாலும் சுருக்கவுரையை எவரும் இலவசமாகப் படிக்கலாம். செய்தியில் இதழின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தால், பப்மெட் என்னும் இலவச மருத்துவக் கட்டுரைப் பட்டியலில் சில நிமிடங்களில் அதைக் கண்டெடுத்துவிடலாம். இவ்விரண்டில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் 'வெளிநாட்டு விஞ்ஞானிகள்' என்று மட்டும் எழுதும் செய்தியைப் பொறுத்தவரை, ஒப்பிட்டுப் பார்க்கும் வழியையே அது அடைத்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரை வெளியானது 'தி ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி' என்ற உடலியங்கியல் இதழில். அதன் நீண்ட தலைப்பைத் தமிழில் விரித்துச் சொன்னால், உடற்பயிற்சிக் காலத்தில் ரெஸ்வெரட்ரால் கொடுப்பதால் எலும்புத் தசையின் வலிமையிலும் இதயத்தின் செயல்பாட்டிலும் ஏற்படும் மேம்பாடுகள், எலிகளின் பயிற்சித் திறன் கூடுவதற்குப் பங்களிக்கின்றன என்று வரும். ரெஸ்வெரட்ரால் என்பது திராட்சைத் தோல் முதலியவற்றில் இயற்கையாகக் காணப்படும் ஒரு வேதிச் சேர்மம். திராட்சையைத் தோலோடு நொதிக்க வைப்பதால் சிவப்பு ஒயினிலும் அது சிறிதளவு இறங்குகிறது. தலைப்பின் கடைசிப் பகுதியில் 'எலிகளின்' என்ற சொல் ஒளிவுமறைவின்றி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. மறைந்தது எல்லாம் தலைப்புக்கும் நாளிதழுக்கும் இடையிலான வழியில்தான்.

சுருக்கவுரை சொல்லும் கதை எளியது. விஸ்டார் இனத்து ஆண் எலிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு வழக்கமான தீவனமும், மற்றொன்றுக்கு ஒவ்வொரு கிலோ தீவனத்திலும் 4 கிராம் ரெஸ்வெரட்ரால் கலந்த தீவனமும் தரப்பட்டன. பிறகு இரு பிரிவு எலிகளும் டிரெட்மில்லில், கடுமை படிப்படியாகக் கூட்டப்பட்ட ஓட்டப் பயிற்சியை 12 வாரங்கள் செய்தன. முடிவில், பயிற்சியால் வந்த திறன் மேம்பாடு ரெஸ்வெரட்ரால் தின்ற எலிகளுக்கு 21% கூடுதலாக அமைந்தது. கெண்டைக்கால் தசைகளுள் ஒன்றின் சுருங்கு விசை கூடியது. இதயம் கொழுப்பு அமிலங்களை எரித்து ஆற்றலாக்கும் திறன் 1.2 மடங்கானது. கொழுப்பை எரிக்கும் திறன் கூடியது எலிகளின் செயல்திறன் மேம்பட்டதற்குப் பங்களித்திருக்கக்கூடும் என்ற தயக்கமான வாக்கியத்தோடு சுருக்கவுரை முடிகிறது.

இதையும் செய்தித் தலைப்பையும் அருகருகே எழுதிப் பார்த்தால், மூன்று இடங்களில் பண்டம் மாறியிருப்பது புலப்படும். எலி இருந்த இடத்தில் மனிதர் வந்து உட்கார்ந்திருக்கிறார். தூய ரெஸ்வெரட்ரால் இருந்த இடத்தில் ஒயின் கோப்பை வந்திருக்கிறது. 'உடற்பயிற்சியோடு சேர்த்து' என்பது 'உடற்பயிற்சிக்குப் பதிலாக' என்று ஆகியிருக்கிறது. மூன்றும் ஒரே எடையுள்ள பிழைகள் அல்ல. முதலாவது எவரும் எளிதில் கண்டுகொள்ளக்கூடியது. எலியில் பலித்த பல பொருள்கள் மனிதரிடம் பலிக்காமல் போனது மருந்தாய்வின் அன்றாட அனுபவம் என்பதால், 'எலிகளில்' என்ற ஒரு சொல்லைத் தலைப்பில் சேர்த்தாலே செய்தியின் ஆரவாரம் பாதி அடங்கிவிடும். மற்ற இரண்டையும் காண்பதற்குத்தான் செய்முறைப் பகுதிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

அளவிலிருந்து தொடங்கலாம். நன்கு வளர்ந்த, 400 கிராம் எடையுள்ள ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தீவனம் தின்னும் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 4 கிராம் என்ற கலப்பின்படி அதன் வயிற்றுக்குள் அன்றாடம் 80 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் போகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கிட்டால் அது 200 மில்லிகிராம் ஆகும். சிறிய விலங்குகளின் உடலில் வளர்சிதை மாற்றம், அதாவது உணவையும் மருந்தையும் உடைத்துப் பயன்படுத்தும் வேதி வேலை, பெரிய விலங்குகளில் நடப்பதை விட வேகமாக நடப்பதால், எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு அப்படியே பெருக்கக் கூடாது. உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு சுமார் ஆறால் வகுப்பது மருந்தாய்வில் வழக்கம். அந்தச் சலுகையையும் கொடுத்து 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் ரெஸ்வெரட்ரால் தேவைப்படும்.

இனி ஒயினின் பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ராலின் அளவு திராட்சை வகை, விளைந்த நிலம், தயாரித்த முறை ஆகியவற்றைப் பொறுத்து மாறினாலும், பொதுவாக லிட்டருக்குச் சில மில்லிகிராம்களைத் தாண்டுவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கொண்டால், 150 மில்லிலிட்டர் பிடிக்கும் ஒரு கோப்பையில் இருப்பது 0.3 மில்லிகிராம் மட்டுமே. எலிகள் தின்ற அளவுக்கு ஈடாக வேண்டுமானால் ஒருவர் ஒரே நாளில் 1,000 லிட்டர் ஒயின் குடித்தாக வேண்டும். வீட்டு மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நிரப்பும் அளவு அது. தாராளமாக லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தாலும் 400 லிட்டர் வரும். ஆய்வுக் குழுவை வழிநடத்திய ஜேசன் டைக், இந்தச் செய்தி பரவிய பிறகு தந்த விளக்கத்தில், ஆய்வில் பயன்படுத்தும் அளவை எட்ட நாளொன்றுக்கு நூறு முதல் ஆயிரம் புட்டிகள் வரை குடிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இதில் இன்னொரு தடங்கலும் உண்டு: வாய்வழி உட்கொண்ட ரெஸ்வெரட்ராலின் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் விரைவில் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுவதால், அதன் மூல வடிவில் இரத்தத்தை அடைவது மிகச் சிறு பங்கே. மதுவிலுள்ள ஆல்கஹாலைப் பற்றிப் பேச வேண்டிய கட்டத்துக்கே இந்தக் கணக்கு போகவில்லை. எலிகளுக்கு ஒரு சொட்டு மதுவும் தரப்படவில்லை.

இப்படிப்பட்ட கணக்குக்குப் பள்ளி வகுப்பில் கற்ற பெருக்கலும் வகுத்தலும் போதும். வேண்டியவை மூன்று எண்களே: ஆய்வில் கொடுக்கப்பட்ட அளவு, செய்தியில் சொல்லப்படும் உணவில் அந்தப் பொருள் இருக்கும் அளவு, உண்பவரின் எடை. மஞ்சள், கிராம்பு, பூண்டு, கருஞ்சீரகம் என்று அடுக்களைப் பொருள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நோயை விரட்டுவதாக வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றின் அடியிலும், பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தைச் செறிவான அளவில் கொடுத்த ஆய்வே கிடக்கிறது. பண்டத்தின் பெயரைத் தலைப்பில் பார்த்ததும் சேர்மத்தின் பெயரையும் அளவையும் செய்முறைப் பகுதியில் தேடுவது பயனுள்ள பழக்கம்.

மூன்றாவது மாற்றம் இவ்விரண்டையும் விட நுட்பமானது. அளவுப் பிழையைச் சரிசெய்துவிட்டாலும் அது செய்தியைக் கவிழ்த்துவிடும். ஓர் ஆய்வு எதைக் காட்டியது என்பதை அது எதை எதோடு ஒப்பிட்டது என்பதே தீர்மானிக்கிறது. ஒயின் உடற்பயிற்சிக்குச் சமம் என்று சொல்ல வேண்டுமானால், ஓடாமல் ரெஸ்வெரட்ரால் மட்டும் தின்ற எலிகள் ஒரு பக்கமும், ரெஸ்வெரட்ரால் இன்றி ஓடிய எலிகள் மறுபக்கமும் நின்று, இரு பக்கத்தின் பலனும் ஏறத்தாழ ஒன்றாக வந்திருக்க வேண்டும். ஆனால் சுருக்கவுரையில் வரும் தசை விசை, இதயச் செயல்பாடு, கொழுப்பு எரிப்பு என்ற ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும், 'பயிற்சி மட்டும் பெற்றவற்றோடு ஒப்பிடுகையில்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் ஓடிய எலி. மறுபக்கம் ஓடியதோடு ரெஸ்வெரட்ராலும் தின்ற எலி. ஓட்டம் இரு பக்கத்திலும் பொதுவானது. ஆகவே அந்த 21% ஓட்டத்தின் மேல் கூடுதலாகக் கிடைத்தது; ஓட்டத்துக்கு மாற்றாகக் கிடைத்தது அன்று. சோற்றோடு குழம்பு சேர்த்தால் சுவை கூடியது என்று ஒருவர் சொன்னதை, சோறே வேண்டாம், குழம்பு போதும் என்று மற்றொருவர் எடுத்துக்கொண்டதைப் போன்றது இது. உழைக்காமல் பலன் என்று தலைப்பு வாக்களித்தது. ஆய்வில் பலன் கண்ட எலி ஒவ்வொன்றும் 12 வாரம் ஓடியிருந்தது.

அப்படியென்றால் 'சமம்' என்ற கருத்து எங்கிருந்து முளைத்தது என்ற கேள்வி எழும். விடை கட்டுரைக்கு உள்ளேயே இருக்கிறது, ஆனால் முடிவுப் பகுதியில் இல்லை. சுருக்கவுரையின் தொடக்கத்தில், முறையான உடற்பயிற்சியின் சில பலன்களை ரெஸ்வெரட்ராலும் ஓரளவு உண்டாக்கக்கூடும் என்று ஒரு பின்னணி வாக்கியம் வருகிறது. பின்னணி வாக்கியம் என்பது, முன்பு பிறர் செய்த ஆய்வுகள் கண்டதைச் சொல்லித் தம் கேள்விக்கு ஆசிரியர்கள் களம் அமைக்கும் இடம். 2006ஆம் ஆண்டில் 'செல்' இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், மிகுந்த அளவு ரெஸ்வெரட்ரால் பெற்ற சுண்டெலிகள் மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தூரம் ஓடியிருந்தன. அத்தகைய முந்தைய வேலையைச் சுட்டிய வாக்கியமே செய்தியில் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பாகப் பதவி உயர்வு பெற்றது. சுருக்கவுரையின் முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் செய்தியாளரின் கண்ணில் விரைவில் படுவன. நடுவில் இருக்கும், எண்கள் நிறைந்த வாக்கியங்களே ஆய்வாளர்கள் தாங்களாகக் கண்டவை. 'இதுவரை அறியப்படவில்லை', 'இதை ஆராய' என்பன போன்ற சொற்கள் வரும் இடம்வரை பழைய செய்தி, அதற்குப் பின்னால் வருவது புதிய செய்தி என்று எல்லை பிரித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் நேராது.

கட்டுரைக்கும் நாளிதழுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் ஆவணம் இருக்கிறது. ஆய்வு வெளியாகும்போது பல்கலைக்கழகமே தன் மக்கள் தொடர்புப் பிரிவின் மூலம் செய்தியாளர்களுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பு அது. எலி ஆய்வைப் பற்றிய குறிப்பிலும், உடற்பயிற்சி செய்ய விரும்பியும் உடல்நிலை இடங்கொடுக்காத நோயாளிகளுக்கு ரெஸ்வெரட்ரால் உதவலாம் என்ற எதிர்பார்ப்பு இடம்பெற்றிருந்தது. விஞ்ஞானி ஒருவர் தம் ஆய்வு நாளை எங்கே பயன்படலாம் என்று நம்புவதில் தவறில்லை. ஆனால் அந்த நம்பிக்கை ஆய்வில் அளக்கப்பட்ட பொருள் அன்று, அதுவும் ஒயினைப் பற்றியதும் அன்று.

செய்திக்குறிப்பின் பங்கை எண்களால் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. பெட்ரோக் சம்னர் என்பவரின் தலைமையில் பிரிட்டனின் ஆய்வாளர்கள், அந்நாட்டின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளையும், அவற்றுக்கு மூலமான ஆய்வுக் கட்டுரைகளையும், அவற்றை ஒட்டி வந்த 668 செய்திகளையும் மூன்றாக அடுக்கி ஒப்பிட்டு, 2014ஆம் ஆண்டில் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். விலங்கு ஆய்விலிருந்து மனிதரைப் பற்றி மிகையான முடிவு சொன்ன குறிப்புகள் 36%. குறிப்பில் அந்த மிகை இருந்தபோது செய்திகளில் 86% அதே வகை மிகையைக் கொண்டிருந்தன. குறிப்பில் இல்லாதபோது 10% செய்திகளில்தான் அது காணப்பட்டது. மிகைப்படுத்திய குறிப்புகள் கூடுதலாகச் செய்தியாயின என்பதற்கோ வலுவான சான்று கிடைக்கவில்லை. எனவே குற்றம் முழுவதையும் அவசரத்தில் எழுதும் நிருபரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. அதே வேளையில், குறிப்பின் மிகைதான் செய்தியின் மிகைக்குக் காரணம் என்று இந்த எண்களை வைத்து அடித்துச் சொல்வதும் இன்னொரு மிகையாகிவிடும். இரண்டும் சேர்ந்தே வந்தன என்பதை மட்டுமே இந்த ஆய்வு கண்டது. இயல்பிலேயே பரபரப்புக்கு இடமளிக்கும் ஆய்வுகள் இரண்டு இடத்திலும் மிகையைத் தூண்டியிருக்கலாம் என்ற வாய்ப்பு திறந்தே இருக்கிறது.

எலி ஆய்வின் எண்களைப் படிப்பதிலும் சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. சுருக்கவுரையில் 21% என்பதை அடுத்து P < 0.001 என்ற குறி நிற்கிறது. ரெஸ்வெரட்ராலுக்கு உண்மையில் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தோன்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது இதன் பொருள். செய்திகள் இதை 'விஞ்ஞானப்பூர்வமாக நிரூபணம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் இந்தக் குறி விளைவின் பருமனைப் பற்றியோ, அது மனிதருக்குப் பொருந்துமா என்பதைப் பற்றியோ எதுவும் பேசுவதில்லை. அந்த எலிகளில் அந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது சறுக்கல் சதவீதத்தின் மேல் ஏறி உட்காரும் சதவீதம். ரெஸ்வெரட்ரால் தின்ற எலிகளின் இதயத்தில் வெளியேற்றப் பின்னம் 10% கூடியதாகச் சுருக்கவுரை சொல்கிறது. இதயத்தின் இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் எவ்வளவு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதே வெளியேற்றப் பின்னம். அதையும் சதவீதத்தில்தான் சொல்வார்கள். முன்பு 70% ஆக இருந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 10% கூடுதல் என்பது 77% ஆனதைக் குறிக்கிறதா, 80% ஆனதைக் குறிக்கிறதா என்பது அந்த வாக்கியத்தை மட்டும் படித்து விளங்காது. முடிவுப் பகுதியின் அட்டவணையில் இரு குழுக்களின் நேரடி அளவுகளைப் பார்த்தால்தான் தெளியும். அந்த அட்டவணைகளின், படங்களின் அடிக்குறிப்பில் n என்ற எழுத்தை ஒட்டி, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை உயிர்களை அளந்தார்கள் என்பதும் தரப்பட்டிருக்கும். செய்திகளில் அநேகமாக எப்போதும் காணாமற்போகும் எண் இதுதான்.

தமிழ் நாளிதழ்களைப் படிப்பவருக்கு இவற்றோடு வினைமுற்றையும் கவனிக்கும் வேலை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் 'பங்களித்திருக்கக்கூடும்' என்று நிற்கும் வினை, முகமை வழியாக வந்து மொழிபெயர்ப்பாகும்போது 'பங்களிக்கும்' என்றாகி, தலைப்பில் இடம் போதாமல் 'பலம் தரும் ஒயின்: ஆய்வில் தகவல்' என்று பெயரெச்சமாகச் சுருங்கிவிடக்கூடும். தமிழில் 'கூடும்', 'லாம்' என்ற விகுதிகள் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பவை. தலைப்பைச் சுருக்கும் கத்தரிக்கோலுக்கு முதலில் பலியாவது வால்தான். 'தகவல்' என்ற சொல்லோ எவருக்கும் பொறுப்பில்லாத ஒரு தொனியைக் கொடுத்து, வாக்கியத்தை முடித்துவைக்கும் சிரமத்தையும் மிச்சமாக்கிவிடுகிறது.

எலிகளில் கண்டதை மனிதரிடம் சோதித்த ஆய்வு ஒன்றும் விரைவிலேயே வந்தது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாசே கிளீமன் முதலானோர், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, ஆனால் நலமாயிருந்த, 65 வயதை ஒட்டிய 27 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 14 பேருக்கு நாள்தோறும் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலும், 13 பேருக்கு மருந்துப்போலியும் கொடுத்தார்கள். மருந்துப்போலி என்பது மருந்தைப் போன்றே தோன்றும், ஆனால் மருந்தில்லாத மாத்திரை. இரு குழுக்களும் எட்டு வாரம் கடுமையான பயிற்சி செய்தன. 2013ஆம் ஆண்டில் அதே 'தி ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி'யில் வெளியான முடிவு எலிகளின் முடிவுக்கு நேர்மாறாக இருந்தது. உடல் உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, மருந்துப்போலி பெற்றவர்களிடம் 45% கூடுதலாக உயர்ந்தது. இரத்த அழுத்தம் குறைந்ததும் அவர்களிடம் மட்டுமே. பயிற்சியின் நற்பலனை ரெஸ்வெரட்ரால் மழுங்கடிக்கிறது என்று கட்டுரைத் தலைப்பே சொன்னது.

ஒயின் செய்தியை மறுக்க இதைக் கையில் எடுப்பவரும் அதே அளவுகோலுக்கு உட்பட்டவரே. அந்த 45% என்பது உடல் தகுதியில் ஏற்பட்ட வேறுபாடு அன்று, உயர்வுக்கும் உயர்வுக்கும் இடையிலான வேறுபாடு. இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கு உதவும். தொடக்கத்தில் அந்த ஆண்களின் உச்ச அளவு சராசரியாக நிமிடத்துக்கு 2,488 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ரெஸ்வெரட்ரால் குழுவில் 400 மில்லிலிட்டரும் மற்றதில் 580 மில்லிலிட்டரும் உயர்ந்ததாகக் கொண்டால், இரண்டாவது உயர்வு முதலாவதை விடச் சரியாக 45% கூடுதல். ஆனால் எட்டு வார முடிவில் இரு குழுக்களின் மொத்த அளவுகள் 2,888, 3,068 என்று நின்று, அவற்றுக்கு இடையே சுமார் 6% வேறுபாடுதான் இருக்கும். இரு குழுக்களும் முன்னேறின என்பதும் அந்த 45% என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. 27 பேரை வைத்து, எட்டு வாரத்தில், ஒரே அளவு மருந்தைச் சோதித்த ஆய்வு தீங்கை நிரூபித்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் அதே இதழுக்குக் கடிதம் எழுதி மறுத்தார்கள். இதழ் அதையும் வெளியிட்டது. நாளிதழ் செய்தியை நிறுத்துப் பார்க்கும் தராசில் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பையும் வைக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதம் சான்று.

இந்த இரண்டாவது ஆய்வையும் சிலர் ஒயின் குடிப்பவர்களுக்கான எச்சரிக்கையாகப் படிக்க விரும்புவார்கள். 250 மில்லிகிராமை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அதே கணக்கால் வகுத்தால் 125 லிட்டர் வரும். முக்கால் லிட்டர் புட்டிகளில் எண்ணினால் நாளொன்றுக்கு நூற்று அறுபதுக்கு மேல்.